80(3)உம் ஒரு பந்தி எதிர்வாதமும்

சட்டக் கருத்தரங்குக் கட்டுரைக்கு 1,500 சொற்களே அனுமதி. பொருள், இலங்கை அரசியலமைப்பின் 80(3)ஆம் உறுப்புரை. சபாநாயகர் சான்றுரைத்த பின்னர் ஒரு சட்டத்தின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் ஆராய முடியாது என்பது அதன் சாரம்.

எனக்குத் தெரிந்த மாணவி ஒருவர், 'இவ்வுறுப்புரை பல பிரச்சினைகளை ஏற்படுத்துகிறது' என்று தொடங்கியிருந்தார். இதை மறுப்பார் எவருமிலர். மறுக்க ஆளில்லாதது வாதமாகாது. 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள் என்றேன். சட்டமூலத்தை ஆராய்ந்த உயர் நீதிமன்றம் கோரிய திருத்தங்கள் யாவும் சேர்க்கப்படாமலே அது சான்றுரைக்கப்பட்டது என்ற குற்றச்சாட்டு அப்போது எழுந்தது. வாதம் கூர்மை பெற்றது: 'நீதிமன்றம் கோரிய திருத்தங்கள் சேர்க்கப்பட்டனவா என்ற ஒரு வினாவை மட்டும், சான்றுரையின் பின்னரும் ஆராய இடமளிக்க வேண்டும்.'

எதிர்வாதத்துக்கு 150 சொற்களை ஒதுக்கினோம். முதல் வரைவில், 'நாடாளுமன்ற மேலாண்மையை நம்புவோர் இதனை எதிர்ப்பர்' என்ற ஒற்றை வரியே இருந்தது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி வாசித்து, 'ஆம், இதுதான் என் வாதம்' என்று கையொப்பமிட வேண்டாமா? அவருடைய உண்மையான பலம் நிச்சயத்தன்மை. ஒரு சட்டத்தை நம்பி உடன்படிக்கைகள் எழுதப்படுகின்றன, தண்டனைகள் வழங்கப்படுகின்றன. பத்தாண்டுகளின் பின் அது செல்லாதென்றால் இவற்றின் கதி என்ன?

இதை நேர்மையாக எழுதி முடித்தபோது மைய வாதமே மாறிற்று. சான்றுரைத்து மூன்று மாதங்களுக்குள் மட்டுமே வழக்கிடலாம் என்னும் வரம்பு அதனுள் புகுந்தது. அதற்கான இடத்தை, சோல்பரி யாப்பின் வரலாறு கூறும் முன்னுரையை வெட்டிப் பெற்றோம். அவ்வரலாறு விரிவுரையாளருக்குத் தெரியாததா என்ன?