பற்றில் ஒரு ரூபாய்

இரவு 12.20

இன்றைய கணக்கு டேலி ஆகவில்லை. பற்று 1,48,213.70. வரவு 1,48,212.70.

மதுரை ஜங்ஷன் பக்கத்து லாட்ஜில் இரவுக் கணக்கருக்கு இதுதான் வேலை. அறை வாடகை, கீழே ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு அறைக் கணக்கில் ஏற்றச் சொன்ன பில்கள், வரி, ரொக்கம் எல்லாவற்றையும் கூட்டி, இரண்டு பக்கமும் ஒத்துப்போனால்தான் அடுத்த தேதியைத் திறக்கலாம். விடியற்காலை பாண்டியன் எக்ஸ்பிரஸில் வருகிறவர்களைப் புதுத் தேதியில்தான் ஏற்ற வேண்டும். அதுவரைதான் அவகாசம்.

ரிசப்ஷன் பையன் எட்டிப் பார்த்தான். "ஒத்த ரூவாதானண்ணே? நான் போட்டுர்றேன்."

போட்டால் கல்லாவில் ஒரு ரூபாய் கூடிவிடும். கல்லாவை எண்ணிவிட்டேன், சரியாக இருக்கிறது. கோளாறு எழுத்தில்.

1.10

கீழிருந்து மேலாக மறுபடி கூட்டினேன். மேலிருந்து கூட்டும்போது சறுக்கிய இடத்தில் கண் மறுபடியும் சறுக்கும், அதனால்தான் திசையை மாற்றுவது. ஒன்று, பத்து, நூறு என்று வித்தியாசம் வந்தால் பெரும்பாலும் மீதி எடுத்துக் கூட்டியதில் பிசகு இருக்கும். இன்று அங்கே ஒன்றும் இல்லை.

இலக்கங்கள் இடம் மாறியிருந்தால், 54 என்பது 45 ஆகியிருந்தால், வித்தியாசம் ஒன்பதால் வகுபடும். ஒன்று வகுபடாது. அடுத்து, பாதி. ஒரு தொகையைப் பக்கம் மாற்றி எழுதினால் அதன் இரண்டு மடங்கு வித்தியாசமாக வரும். ஒரு ரூபாயில் பாதி ஐம்பது காசு. ஐம்பது காசு என்றதும் ரவுண்ட் ஆஃப் பத்திதான் நினைவுக்கு வந்தது.

ஓட்டல் பில்லில் ஐந்து சதவீத வரி சேரும்போது காசு தட்டும். பில் மிஷின் அதை முழு ரூபாயாக்கிவிடும். ஏற்றினால் அந்தக் காசு நமக்கு வரவு, குறைத்தால் பற்று. சரியாக ஐம்பது காசு வந்தால் மிஷின் எப்போதும் ஏற்றத்தான் செய்யும். ஆகவே பற்றுப் பத்தியில் 0.50 இருந்தால் அதுதான் ஆள்.

பத்தி முழுக்க விரல் வைத்துப் பார்த்தேன். ஒரு 0.50கூட இல்லை.

2.00

இனிமேல்தான் பயம். ஒரு ரூபாய் என்பது சின்னத் தொகை என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பற்றில் ஓரிடத்தில் 901 கூடி, அதே பற்றில் இன்னொரு இடத்தில் 900 குறைந்திருந்தாலும் மேலே தெரிவது ஒரு ரூபாய்தான். அதனால்தான் அனாமத்துக் கணக்கில் எழுதிவிட்டுப் போக மனசு வரவில்லை. அனாமத்தில் போட்டதை அப்புறம் யார் தேடியிருக்கிறார்கள்?

எல்லா பில்லையும் எடுத்துப் பேரேட்டோடு டிக் அடிக்க ஆரம்பித்தேன்.

4.15

டிக் முடிந்தது. அறைக் கணக்கில் ஏறிய தொகைகள் எல்லாம் பில்லோடு ஒத்துப்போகின்றன. நடுவில் ஒருவர் வெந்நீர் வரவில்லை என்று இரண்டு தடவை இறங்கி வந்தார்.

ஒத்துப்போனது ஒரு வகையில் நல்லதே. பெரிய தொகைகளில் பழுது இல்லை. மிச்சம் இருப்பது நான் டிக் அடிக்காத அந்தக் காசுப் பத்திகள்தான்.

4.50

கிடைத்தது. 204-ஆம் அறை. பற்றுப் பத்தியில் 0.70.

0.50-ஐத் தேடிய கண்ணுக்கு இது உறைக்கவில்லை. ஒரு பில்லில் குறைப்பது 49 காசுக்கு மேல் போகவே முடியாது. அப்படியானால் 0.70 எப்படி வந்தது? அந்த அறைக்கு இரண்டு பில். முதல் பில் 430 ரூபாய், வரியோடு 451.50, மிஷின் 452 ஆக்கியது. இரண்டாவது 184, வரியோடு 193.20, அது 193 ஆனது. முதலாவதில் 50 காசு வரவு, அடுத்ததில் 20 காசு பற்று. கழித்து 0.30 என்று வரவில் எழுதியிருக்க வேண்டும். பகல் ஷிப்டில் எழுதியவர் இரண்டையும் கூட்டி 0.70 என்று பற்றில் போட்டிருக்கிறார். பக்கம் மாறியது அந்த ஐம்பது காசுதான், இருபது காசுக்குள் ஒளிந்துகொண்டு.

0.70-ஐ ஒரே கோடாக அடித்தேன், பழைய எண் தெரிகிற மாதிரி. வரவில் 0.30 எழுதிப் பக்கத்தில் இனிஷியல் போட்டேன். இரண்டு பக்கமும் 1,48,213.00.

5.35

ரயில் வந்துவிட்டது. ஹாலில் பெட்டிகள். புதுத் தேதியில் மூன்று பேரை ஏற்றியாயிற்று.

ஓட்டல் கல்லாவுக்குச் சீட்டு எழுதினேன்: ஒரு பில்லுக்கு ஒரு வரி, சேர்த்து எழுதக் கூடாது. கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லிப் பையனிடம் நீட்டினேன். வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "204காரரு ஒரே கணக்கா வேணும்னாருண்ணே. நாந்தான் சேத்து எழுதச் சொன்னேன்."

சீட்டின் அடியில் 'ரிசப்ஷனுக்கும்' என்று சேர்த்தேன்.