பழைய போனைக் கொடுக்கும் முன்: மடப்பள்ளி அக்காவின் போனிலிருந்து நான் படித்த பாடம்

கொஞ்சம் நீளமான பதிவு. பசியாறிட்டு நிதானமா படிங்க. வீட்டுல பழைய போன் ஒன்னு மேசை டிராயர்ல கிடந்து, அதை யாருக்காவது கொடுக்கலாம்னு நினைக்கிறவங்க அவசியம் கடைசி வரைக்கும் படிங்க.

முதலில் என் தப்பைச் சொல்லிடறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்னோட ஆண்ட்ராய்டு போனை, நம்ம கோயிலுக்கு வருகிற லாரி ஓட்டும் அண்ணன் ஒருவருக்கு 250 வெள்ளிக்குக் கொடுத்தேன். திரை மந்தமா இருந்ததால செட்டிங்ஸுக்குள்ள போகப் பொறுமை இல்லை. போனை அணைத்து, பவர் பொத்தானையும் சத்தம் கூட்டும் பொத்தானையும் சேர்த்து அழுத்தி, வரும் கறுப்புத் திரையில் எல்லாத்தையும் அழிச்சிட்டேன். சுத்தமா இருந்துச்சு. புதுப் போன் மாதிரி "Welcome"னு வந்துச்சு. கொடுத்துட்டேன்.

மறுநாள் காலையில அண்ணன் கோயில் வாசலில் நின்னார். முகமே சரியில்லை. "தம்பி, இது யாரோட போன்? திருட்டுப் போனா?"ன்னு கேட்டார். வைஃபை போட்டதும், இந்தப் போனில் முன்பு இருந்த கூகுள் கணக்கைக் கொடுன்னு கேட்டு அதுக்கு மேல நகரலையாம். நாலு பேர் முன்னால அந்தக் கேள்வி. எனக்கு நின்ன இடத்துல வேர்த்துப்போச்சு.

அது போனின் கோளாறு இல்லை, திருட்டுக்கு எதிரான பூட்டு. ஆண்ட்ராய்டு 5.1 வந்த 2015-லிருந்து இருக்கிறது. போனில் கூகுள் கணக்கு இருக்கும்போதே பொத்தானை அழுத்தி அழித்தால், திருடன்தான் அழிக்கிறான் என்று போன் நினைத்துக்கொள்ளும். உள்ளே இருந்ததெல்லாம் போய்விடும், ஆனால் பழைய சொந்தக்காரரின் கணக்கைக் கேட்பது மட்டும் போகாது. ஐபோனிலும் இதே மாதிரி ஒரு பூட்டு உண்டு. "Find My"-ஐ நிறுத்தாமல் கொடுத்தால் வாங்கியவர் கையில் அது வெறும் கண்ணாடித் துண்டுதான்.

நான் பதறிப்போய் என் கணினியிலிருந்து அந்தப் போனை என் கணக்கிலிருந்து வெளியேற்றினேன். பூட்டு திறக்கவில்லை. கடவுச்சொல்லையும் மாற்றினேன். அது இன்னும் பெரிய தப்பு. கடவுச்சொல்லை மாற்றினால் ரீசெட்டுக்கு முன் 24 மணி நேரம் பொறுக்கச் சொல்கிறது கூகுள். கடைசியில் மறுநாள் அண்ணனைத் தேடிப்போய், அந்தப் போனில் நானே என் கணக்கைப் போட்டு உள்ளே நுழைந்து, கணக்கை முறையாக நீக்கி, செட்டிங்ஸ் வழியா மறுபடி ரீசெட் செய்து கொடுத்தேன். அவர் ஒன்னும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது.

அதனாலதான் போன மாசம் நம்ம மடப்பள்ளி அக்கா, "தம்பி, மகன் புதுப் போன் வாங்கிக் கொடுத்திருக்கான். இந்தப் பழசை தேவார வகுப்புக்கு வர்ற பிள்ளைக்குக் கொடுக்கலாம்னு இருக்கேன், அழிச்சுக் கொடுப்பா"ன்னு சாம்சங் போனை நீட்டினப்போ, நான் உடனே வாங்கவில்லை. "அக்கா, இதுல உங்களுக்கு வேணும்கிறது என்ன இருக்கு?"ன்னு கேட்டேன்.

"ஒன்னுமில்லப்பா"ன்னாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, "அவரு அனுப்பின வாய்ஸ் இருக்கு"ன்னாங்க. கணவர் இறந்து இரண்டு வருஷம். வேலை முடிஞ்சு வரும்போது "ஏதாச்சும் வாங்கணுமா"ன்னு கேட்டு அவர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல் செய்திகள். அக்கா அதை எப்பவாவது போட்டுக் கேட்பாங்களாம்.

"மகன் பேக்கப் இருக்குன்னு சொன்னான்"ன்னாங்க. இருக்குன்னு சொல்றது வேற, பார்க்கிறது வேற. வாட்ஸ்அப்பில் "Settings", "Chats", "Chat backup" என்று போனால் கடைசியாக பேக்கப் ஆன தேதி தெரியும். அக்கா போனில் ஏழு மாசத்துக்கு முந்திய தேதி இருந்தது. காரணம், கூகுள் இலவசமாகக் கொடுக்கும் 15 ஜிபி நிறைஞ்சு போச்சு. முன்பெல்லாம் வாட்ஸ்அப் பேக்கப் அந்தக் கணக்கில் சேராது. 2024-லிருந்து சேர்கிறது. காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும் இடத்தை அடைத்துக்கொள்ள, பேக்கப் சத்தமில்லாமல் நின்றுவிட்டது. அதனால் தேதியைப் பாருங்க. நேற்றைய தேதியோ இன்றைய தேதியோ இல்லையென்றால் அதை நம்ப வேண்டாம்.

நாங்கள் மேகத்தை நம்பாமல் நேரடியாக மாற்றினோம். இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து, பழைய போனில் வாட்ஸ்அப்பின் "Chats" பகுதியில் "Transfer chats" அழுத்தினோம். புதுப் போனில் வாட்ஸ்அப்பை இறக்கி, அதே நம்பரைப் பதிந்து, அதில் வரும் கியூஆர் குறியைப் பழைய போனால் ஸ்கேன் செய்தோம். சிம் அதுவரை பழைய போனிலேயே இருந்தது, ஏனென்றால் குறியீட்டு எஸ்எம்எஸ் அங்கேதான் வரும். இந்தக் கேள்வி புதுப் போனில் வாட்ஸ்அப்பைத் தொடங்கும்போதுதான் வரும். அவசரத்தில் தாண்டிவிட்டால் வாட்ஸ்அப்பை நீக்கி மறுபடி முதலிலிருந்து வரணும். பழைய போனை அழித்த பிறகு என்றால் அதுவும் முடியாது.

முடிந்ததும் "வந்துடுச்சு"ன்னு விட்டுவிடவில்லை. அவர் பெயரைத் திறந்து, மேலே மேலே தள்ளி, இருப்பதிலேயே பழைய குரல் செய்தியை அக்காவையே அழுத்தச் சொன்னேன். குரல் வந்தது. அக்கா முந்தானையை வாயில் வச்சுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிட்டாங்க. நான் போனைப் பார்க்கிற மாதிரி இருந்தேன்.

அடுத்து இன்னொன்று தெரிய வந்தது. "தம்பி, புதுப் போன்ல பேரப்பிள்ளை படம் எல்லாம் காணோம்"ன்னாங்க. என்ன நடந்ததுன்னா, முந்தின ராத்திரி அக்கா, 'அடுத்தவங்களுக்குக் கொடுக்கிறதைச் சுத்தமா கொடுக்கணும்'னு பழைய போனில் கூகுள் போட்டோஸைத் திறந்து படங்களை ஒவ்வொன்றாக அழிச்சிருக்காங்க. கணக்கு இரண்டு போனிலும் ஒன்றுதான். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். தொடர்பு எண்களும் அப்படித்தான், ஐபோனில் ஐகிளவுடும் அப்படித்தான். நல்லவேளை, பேக்கப் ஆன படங்கள் கூகுள் போட்டோஸ் குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும். "Restore" அழுத்தி மீட்டுக் கொடுத்தேன். ஆகவே கொடுக்கப்போகும் போனில் கையால் எதையும் அழிக்காதீங்க. அழிப்பது ரீசெட்டின் வேலை. ரீசெட் போனை மட்டும்தான் அழிக்கும், கணக்கில் இருப்பதைத் தொடாது.

பிறகு வங்கி. நம்ம மலேசியாவில் இணையவழிப் பணப் பரிமாற்றத்துக்கு ஒப்புதல் கொடுக்கும் வேலை ஒரே ஒரு போனில்தான் இருக்கும். அது அக்காவின் பழைய போனில் இருந்தது. முதலில் புதுப் போனில் வங்கிச் செயலியைப் பதிந்து, ஒப்புதலை அதற்கு மாற்றினோம். புதிதாகப் பதியும் போனுக்கு வங்கி கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொல்லும். மோசடியைத் தடுக்க பேங்க் நெகாரா கொண்டுவந்த விதி அது. அதனால் அன்றைக்கே ரீசெட் செய்யவில்லை. இரண்டு நாள் கழித்து, அக்கா புதுப் போனிலிருந்து மகளுக்கு ஒரு வெள்ளி அனுப்பிப் பார்த்தாங்க. போய்ச் சேர்ந்தது. அப்புறம்தான் பழைய போனைக் கையில் எடுத்தேன்.

சிம் தட்டை வெளியே இழுத்தால் சிம்மோடு ஒரு சின்ன மெமரி கார்டும் வந்தது. அக்காவுக்கே அது இருப்பது மறந்துபோச்சு. செட்டிங்ஸ் வழியாகச் செய்யும் ரீசெட் பொதுவாக இந்தக் கார்டைத் தொடாது. மகனின் மடிக்கணினியில் போட்டுப் பார்த்தால், அக்காவின் ஐசி முன்னும் பின்னும் படம், கணவரின் மருத்துவமனைத் தாள்கள், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். அப்படியே கொடுத்திருந்தால் அந்தப் பிள்ளை வீட்டுக்கு இதெல்லாம் போயிருக்கும். கார்டை ஓர் உறையில் போட்டு அக்காவிடமே கொடுத்தேன். புதுக் கார்டு வேணும்னா விலை அதிகமில்லை, பழையதைக் கொடுக்கவே கொடுக்காதீங்க.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் கணக்கு. "Settings", "Accounts and backup", "Manage accounts" போய், கூகுள் கணக்கு, சாம்சங் கணக்கு இரண்டையும் நீக்கினோம். சாம்சங்காரர்கள் கூகுளை நீக்கிவிட்டு சாம்சங் கணக்கை மறந்துவிடுவார்கள். அதற்கும் தனியாகப் பூட்டு உண்டு. பிறகு "General management", "Reset", "Factory data reset". அந்தப் பக்கத்தின் அடியில், போனில் இன்னும் எந்தக் கணக்கு இருக்கிறது என்று காட்டும். ஏதாவது பெயர் தெரிந்தால் திரும்பிப் போய் நீக்கிவிட்டு வரணும். ஐபோன் என்றால் "Settings", "General", "Transfer or Reset iPhone", "Erase All Content and Settings". அது ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டால், பூட்டை எடுக்கத்தான் கேட்கிறது, போட்டுவிடுங்க.

"அழிச்சதை யாராவது மீட்டுடுவாங்களா தம்பி?"ன்னு அக்கா கேட்டாங்க. இப்போதைய போன்களில் உள்ளே இருப்பதெல்லாம் பூட்டிய பெட்டிக்குள் இருப்பது மாதிரி. ரீசெட் செய்யும்போது அந்தச் சாவியையே போன் அழித்துவிடும். பெட்டியில் ஏதாவது மிச்சம் இருந்தாலும் படிக்க முடியாது. பத்து வருஷத்துக்கு முந்திய ஆண்ட்ராய்டு போன் என்றால் அந்தப் பாதுகாப்பு இல்லாமல் இருக்கலாம். அதை விற்காமல் வச்சுக்கிறதே நல்லது.

கடைசியாக ஒரு சோதனை. "Welcome" திரை வந்ததும் அணைத்துவிடாமல், வைஃபை போட்டு, கூகுள் கணக்கு கேட்கும் இடம் வரை போனேன். "Skip" என்று வந்தது. பழைய கணக்கையோ பழைய பின் எண்ணையோ கேட்கவில்லை. அப்போதுதான் போன் உண்மையிலேயே அடுத்தவருடையது. லாரி அண்ணனுக்குக் கொடுத்தபோது இந்த ஐந்து நிமிடத்தை நான் செலவழித்திருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது.

வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு அக்கா அந்தப் பிள்ளையிடம் போனைக் கொடுத்தாங்க. பிள்ளை அங்கேயே திறந்து தன் பெயரைப் போட்டுக்கிட்டா. ஒரு தடங்கலும் இல்லை.

கொடுக்கிறதுக்குப் போன் வச்சிருக்கிறவங்க வெள்ளிக்கிழமை அன்னதானக் கூடத்துக்குக் கொண்டுவாங்க, சேர்ந்து பார்க்கலாம். புதுப் போனையும் கூடவே எடுத்துட்டு வாங்க. கடவுச்சொல்லை என்கிட்ட சொல்ல வேண்டாம், நீங்களே போடுங்க. வரும் முன்னால வீட்டுல எதையும் அழிச்சிட்டு மட்டும் வராதீங்க.