மரி சந்தைக்குப் போகிறாள்

ஸே சம்தி. இல் ஃபே போ. மரி வா ஓ மர்ஷே. எல் ஷெர்ஷ் தே தொமாத்.

"போன்ஜூர், மெஸ்யெ."

"போன்ஜூர், மதாம்."

"ஜெ வூத்ரே அன் கிலோ தெ தொமாத், ஸில் வூ ப்ளே."

"வுவாலா. ஏ அவெக் செஸி?"

"ஸே தூ, மெர்ஸி. ஸா ஃபே கோம்பியேன்?"

"அன்னெரோ காத்ர வேன்."

மரி பே. எல் ரான்த்ர் ஆ லா மேஸோன். எல் ஏ கோந்தாந்த்.

கதை அவ்வளவுதான். பிரெஞ்சு படிக்கத் தொடங்கும் பெரியவர்களுக்குக் கொடுக்கும் அரைப் பக்கக் கதை. தமிழில் சொன்னால் இப்படி வரும்: இன்று சனிக்கிழமை. வானம் நன்றாக இருக்கிறது. மரி சந்தைக்குப் போகிறாள். தக்காளி தேடுகிறாள். வணக்கம் சொல்கிறாள், கடைக்காரரும் சொல்கிறார். ஒரு கிலோ தக்காளி கேட்கிறாள். "இந்தாங்க, வேறென்ன?" என்கிறார் அவர். "அவ்வளவுதான், நன்றி. எவ்வளவு ஆச்சு?" என்கிறாள். ஒரு யூரோ எண்பது. பணம் கொடுக்கிறாள். வீட்டுக்குத் திரும்புகிறாள். அவளுக்கு மகிழ்ச்சி.

இந்தக் கதையைத் தமிழ் எழுத்தில் தன் கொப்பியில் எழுதி வைத்திருப்பவருக்கு வயது 63. யாழ்ப்பாணத்திலிருந்து பாரிசுக்கு மகள் வீட்டுக்கு வந்தவர். லா ஷப்பல் பக்கம் வீடு. அங்கே தமிழ்க் கடைகள் வரிசையாக இருப்பதால் அரிசிக்கும் கறிவேப்பிலைக்கும் பிரெஞ்சு தேவைப்படவில்லை. ஆனால் மலிவான காய்கறி வேண்டுமென்றால் பார்பெஸ் சந்தைக்குத்தான் போக வேண்டும். புதனும் சனியும் காலையில், மேலே மெட்ரோ ரயில் ஓடும் பாலத்துக்குக் கீழே நெருக்கியடித்து நடக்கும் சந்தை அது. அங்கே அவருக்காகப் பேசுவது எட்டு வயதுப் பேரன். அவன் 'அம்மம்மா' என்றுதான் கூப்பிடுவான்; யாழ்ப்பாணத்தில் தாயின் தாய்க்கு அதுதான் பெயர். ஒரு சனிக்கிழமை அவன் பந்து விளையாடப் போக வேண்டும் என்று அழுதான். "நான் இல்லாமல் அம்மம்மாவுக்குத் தக்காளிகூட வாங்கத் தெரியாதே" என்றான். அவன் கோபத்தில் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னான். அடுத்த வாரமே அம்மம்மா வகுப்பில் சேர்ந்துவிட்டார்.

கதை முழுக்க நிகழ்காலத்தில் இருப்பதற்குக் காரணம் உண்டு. பிரெஞ்சில் 'எல் ஷெர்ஷ்' என்றால் 'தேடுகிறாள்' என்றும் பொருள், 'தேடிக்கொண்டிருக்கிறாள்' என்றும் பொருள். ஒரே வடிவம் போதும். அதோடு 'தேடு' போன்ற பெரும்பாலான வினைகளில் நான், நீ, அவள், அவர்கள் எல்லாவற்றுக்கும் எழுத்தில் முடிவு மாறுமே தவிர காதுக்கு மாறாது. நான் தேடினாலும் 'ஷெர்ஷ்', நீ தேடினாலும் 'ஷெர்ஷ்', அவர்கள் தேடினாலும் 'ஷெர்ஷ்'. 'நாம்', 'நீங்கள்' இரண்டில் மட்டும்தான் வால் ஒலிக்கும். தேடுகிறேன், தேடுகிறாய், தேடுகிறாள் என்று ஒவ்வொன்றுக்கும் வேறு வால் வைத்துப் பழகிய தமிழருக்கு இது பெரிய சலுகைபோலத் தோன்றும்.

சலுகைக்கு ஒரு விலையும் இருக்கிறது. தமிழில் "தேடுறேன்" என்றாலே யார் என்று தெரிந்துவிடும். 'நான்' சொல்லத் தேவையில்லை. பிரெஞ்சில் வாலில் அடையாளம் கேட்காததால், முன்னால் 'ஜெ', 'எல்' என்று ஆளைச் சொல்லியே ஆக வேண்டும். அம்மம்மா முதல் வகுப்பில் தமிழ்ப் பழக்கத்தில் "ஷெர்ஷ் தொமாத்" என்றார். ஆசிரியைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆள் இல்லாமல் 'ஷெர்ஷ்' என்றால் அது கட்டளை, "தேடு!" பிரான்சில் நாயிடம் பந்தை எறிந்துவிட்டு அப்படித்தான் சொல்வார்கள். அதற்குப் பிறகு அம்மம்மா 'ஜெ'யை விட்டதே இல்லை.

நிகழ்காலக் கதை என்றாலும் ஒரே ஒரு சொல் நிகழ்காலத்தில் இல்லை, கவனித்தீர்களா? 'ஜெ வூத்ரே'. 'எனக்கு வேண்டும்' என்பதற்கு நேரான நிகழ்காலச் சொல் 'ஜெ வெ'. இலக்கணப்படி அது சரிதான். ஆனால் கடையில் அப்படிக் கேட்டால் குழந்தை அடம்பிடிப்பதுபோலக் கேட்கும். 'ஜெ வூத்ரே' என்பது 'கிடைத்தால் நல்லது' என்பதுபோன்ற தணிந்த வடிவம். அந்த இலக்கணத்தை ஆசிரியை விளக்கவே இல்லை. அப்படியே விழுங்கிவிடுங்கள் என்றார். நல்ல முடிவு. அதேபோல 'போன்ஜூர்' சொல்லாமல் நேராகத் தக்காளியைக் கேட்பதும் அங்கே மரியாதைக் குறைவு. சிலர் பதிலே சொல்லாமல் முதலில் "போன்ஜூர்" என்று அழுத்திச் சொல்லிக் காத்திருப்பார்கள். கதையில் அந்த இரண்டு 'போன்ஜூர்'களும் அலங்காரத்துக்கு இல்லை.

வகுப்பில் அடுத்த வேலை, ஒரே ஒரு சொல்லை மாற்றி அதே கதையைச் சொல்வது. தக்காளிக்குப் பதில் மீன். இங்கேதான் அம்மம்மாவின் கொப்பி அவரைக் காலை வாரியது. மீனுக்குப் பிரெஞ்சில் 'புவாஸோன்'. குடிக்கும் பானத்துக்கும் தமிழில் எழுதினால் 'புவாஸோன்'தான். ஒன்றில் 'பல்' என்பதில் வரும் 'ப', மற்றதில் 'பஸ்' என்பதில் வரும் 'ப'. நமக்கு இரண்டுக்கும் ஒரே எழுத்து. போதாததற்கு மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. மீனின் நடுவில் வரும் 'ஸ' கொஞ்சம் அதிர்ந்து, தேனீ ரீங்காரம்போல ஒலித்தால் அது விஷம்! கொப்பியில் அதுவும் 'புவாஸோன்'. மீன், பானம், விஷம் மூன்றும் ஒரே எழுத்தில்.

எழுத்தை விட்டுவிடச் சொன்னார் ஆசிரியை. அம்மம்மா விடவில்லை. அதிரும் 'ப'வுக்குக் கீழே ஒரு புள்ளி, அதிரும் 'ஸ'வுக்குக் கீழே இரண்டு புள்ளி என்று தானே ஒரு முறை வைத்துக்கொண்டார். தொண்டையில் கையை வைத்துச் சொல்லிப் பார்ப்பார்; அதிர்ந்தால் புள்ளி. சோதிக்க இதைவிட எளிய வழி கிடையாது. நீங்களும் 'பல்', 'பஸ்' இரண்டையும் சொல்லித் தொண்டையைத் தொட்டுப் பாருங்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை. பேரனைப் பாலத்தின் தூண் ஒன்றின் அருகே நிறுத்தி, "நீ கதைக்கக் கூடாது, கண்டியோ" என்று சொல்லிவிட்டுத் தக்காளிக் கடைக்குப் போனார். போன்ஜூர் சரி. ஜெ வூத்ரே சரி. கடைக்காரர் நிறுத்துப் பையில் போட்டார். "ஏ அவெக் செஸி?" என்று கேட்டதும் கதைக்குள்ளேயே நிற்பதுபோல இருந்தது அம்மம்மாவுக்கு. "ஸே தூ, மெர்ஸி" என்றார். எவ்வளவு என்றும் கேட்டார். பதிலும் கதையில் வருவதேதான்: "அன்னெரோ காத்ர வேன்."

அம்மம்மா 1 யூரோ 20 சதத்தை எண்ணிக் கொடுத்தார். கடைக்காரர் தலையாட்டி, "காத்ர வேன்" என்றார். அம்மம்மாவின் காதில் விழுந்தது கடைசிச் சொல் மட்டும். 'வேன்' என்றால் 20. அதைத்தானே கொடுத்திருக்கிறார்? பின்னால் வரிசை நின்றது. யாரோ பெருமூச்சு விட்டார்கள். தூணருகே இருந்து, "அம்மம்மா, நாலு இருபது! எண்பது!" என்று குரல் வந்தது.

பிரெஞ்சில் 80க்குத் தனிச் சொல் இல்லை. 'நான்கு இருபதுகள்' என்றுதான் சொல்வார்கள். 70 என்பது 'அறுபது-பத்து'. 90 என்பது 'நான்கு-இருபது-பத்து'. 99 வந்துவிட்டால் 'நான்கு-இருபது-பத்து-ஒன்பது'. பக்கத்து பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் அதே பிரெஞ்சு பேசுகிறவர்கள் 70க்கும் 90க்கும் தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். பாரிசில் அந்த வசதி இல்லை.

யூரோவும் ஒழுங்காக நிற்காது. முன்னால் வரும் எண்ணின் கடைசி எழுத்து, தனியாகச் சொல்லும்போது வாய் திறக்காமல் இருந்துவிட்டு, யூரோவைக் கண்டதும் ஒட்டிக்கொள்ளும். ஒரு யூரோ 'அன்-நெரோ', இரண்டு யூரோ 'தெ-ஸெரோ', இருபது யூரோ 'வேன்-தெரோ'. முதல் வாரங்களில் இரண்டு யூரோவை 'ஜீரோ' என்று கேட்டு, இலவசமோ என்று திகைத்தார் அம்மம்மா.

ஆசிரியை சொன்ன வழி காதுக்கு அல்ல, கண்ணுக்கு. ஒவ்வொரு குவியலிலும் விலை எழுதிய அட்டை செருகியிருக்கும். புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போட்டு '1,80' என்றிருக்கும். வாங்கும் முன்பே அதைப் பார்த்து, பிரெஞ்சில் மனசுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். பிறகு கடைக்காரர் சொல்லும்போது காது புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, ஏற்கெனவே தெரிந்ததைச் சரிபார்த்தால் போதும். ஒரு கிலோ வாங்கும்வரை இது நன்றாக வேலை செய்யும். ஒன்றரைக் கிலோ என்றால் கணக்கும் போட வேண்டும், அதனால் அம்மம்மா கிலோ கணக்கிலேயே வாங்குகிறார்.

போன சனிக்கிழமை பேரன் பந்து விளையாடப் போய்விட்டான். அம்மம்மா தனியாகப் போனார். அன்று மாற்றிய சொல் 'அவொக்கா', அதாவது வெண்ணெய்ப் பழம். வக்கீலுக்கும் அங்கே அதே சொல்தான், ஆனால் சந்தையில் யாரும் குழம்புவதில்லை. கேட்டதும் கடைக்காரர் 'வுவாலா' சொல்லவில்லை. பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கதையில் இல்லாத ஒரு வரியைச் சொன்னார்: "ஸே பூர் ஓஜூர்துய்?"

அம்மம்மா திரும்பித் தூணைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. 'ஓஜூர்துய்' என்றால் இன்று. வகுப்புப் பலகையில் தினமும் தேதிக்கு முன்னால் எழுதுவார்களே! 'ஸே' தெரியும், கதையின் முதல் சொல். 'இன்றைக்கா?' என்று கேட்கிறார். பழுத்ததா, பழுக்காததா எதைக் கொடுப்பது என்பதற்காக. வெண்ணெய்ப் பழமோ முலாம்பழமோ வாங்கினால் அங்கே இப்படிக் கேட்பது வழக்கம்.

"நோன், மெஸ்யெ. பூர் தெமேன்" என்றார் அம்மம்மா. நாளைக்கு.

அவர் கையிலிருந்ததை வைத்துவிட்டு, அடியிலிருந்து கொஞ்சம் கெட்டியான ஒன்றை எடுத்தார். "வுவாலா."

அன்று மாலை கொப்பியில், 'ஜெ வூத்ரே'க்கும் 'வுவாலா'வுக்கும் நடுவில் இடம் இல்லாததால், ஓரத்தில் அம்புக்குறி போட்டு இரண்டு வரிகளை எழுதினார். பந்து விளையாடிவிட்டு வந்த பேரன் எட்டிப் பார்த்து, 'போன்ஜூர்' என்பதில் 'ப'வுக்குக் கீழே புள்ளி இல்லை என்றான். அம்மம்மா தொண்டையில் கை வைத்துச் சொல்லிப் பார்த்துவிட்டு, புள்ளியை வைத்தார்.