விரட்டியும் போகாத கொசு

வெள்ளிக்கிழமை இரவு, படுக்கையறை விளக்கை அணைத்ததும் வலது கண்ணின் ஓரத்தில் ஒரு மின்னல் வெட்டியது. வெளியே மழை என்று நினைத்து ஜன்னல் பக்கம் திரும்பினேன். திரும்பிய கணத்தில் இன்னொன்று, வில் போல வளைந்து வெட்டியது. வானத்தில் மழைக்கான அறிகுறியே இல்லை. வேலைக் களைப்பு என்று சொல்லிக்கொண்டு தூங்கிவிட்டேன்.

மறுநாள் காலை தோசை சாப்பிடும்போது தட்டின் மேல் கொசு பறந்தது. கையை வீசினேன், போகவில்லை. கண் போகும் திசையெல்லாம் அதுவும் வந்தது. கொஞ்ச நேரத்தில் அதைச் சுற்றி மிளகுத்தூளைத் தூவியதுபோல் கரும்புள்ளிகள்.

இடது கண்ணை மூடிக்கொண்டு நாளிதழைப் படித்துப் பார்த்தேன். சிறிய எழுத்துகூடத் தெளிவாகத் தெரிந்தது. வலி இல்லை, சிவப்பு இல்லை. "திங்கட்கிழமை கண்ணாடிக் கடையில காட்டுங்க" என்றாள் மனைவி. எனக்கும் அதுவே சரியென்று பட்டது.

நல்லவேளையாக, கண் மருத்துவப் பிரிவில் தாதியாக வேலை செய்யும் என் தங்கை வேறு விஷயமாக அழைத்தாள். பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். அவள் குரல் மாறிவிட்டது.

"ஒரு கண்ணுல மட்டுமா, ரெண்டுலயுமா?"

"வலது கண்ணுல மட்டும்."

"ஓரத்துல திரை விழுந்தமாதிரி நிழல் தெரியுதா?"

"இல்லம்மா."

"அப்ப இன்னும் நேரம் இருக்கு. இன்னிக்கே போங்க அண்ணே. அவசரப் பிரிவுக்குப் போங்க. காரை நீங்க ஓட்டாதீங்க, கண்ணுல மருந்து விட்டா பல மணி நேரம் மங்கலா இருக்கும்."

பாவையை விரிக்கும் சொட்டு மருந்து வேலை செய்ய அரைமணி நேரம் ஆனது. மருத்துவர் நெற்றியில் விளக்கை மாட்டிக்கொண்டு, இமையின் மேல் சிறு கோலால் மெல்ல அழுத்தி, கண்ணின் உள் ஓரங்களையெல்லாம் பார்த்தார். "விழித்திரையில கிழிசல் இருக்கு. குதிரை லாடம் மாதிரி" என்றார்.

நன்றாகப் படிக்க முடிகிறதே, எப்படி என்று கேட்டேன். அவர் தந்த விளக்கத்தைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

நம் கண்ணுக்குள் தெளிவான கூழ் நிறைந்திருக்கிறது. வயதாக ஆக அது நீர்த்துச் சுருங்கி, பின்சுவரில் ஒட்டியுள்ள விழித்திரையிலிருந்து விலகும். ஐம்பதைத் தாண்டிய பலருக்கு இது நடக்கும். என்னைப் போல அதிகக் கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு முன்னதாகவே நடக்கலாம். கூழ் இழுக்கும்போது விழித்திரைக்கு வலி தெரியாது. அதற்குத் தெரிந்த ஒரே மொழி வெளிச்சம். அதுதான் மின்னல். கொசு என்பது கூழில் மிதக்கும் துணுக்கின் நிழல். மிளகுத்தூள் போன்ற புள்ளிகள் சில நேரம் கசிந்த ரத்தம்.

பெரும்பாலோருக்குக் கூழ் பத்திரமாக விலகிவிடும். சிலருக்கு மட்டும் அது விழித்திரையைக் கிழித்துவிடுகிறது. இந்த இரண்டையும் பாதிக்கப்பட்டவரால் பிரித்தறிய முடியாது. கண்ணாடிக் கடையில் எழுத்துகளைப் படித்துக் காட்டினாலும் தெரியாது. படிக்க உதவுவது விழித்திரையின் நடுப்பகுதி, கிழிவதோ ஓரத்தில். பாவையை விரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

கிழிசல் வழியே கண்நீர்மம் உள்ளே புகுந்தால், ஈரச்சுவரில் ஒட்டிய காகிதம்போல விழித்திரை உரிய ஆரம்பிக்கும். திரை போன்ற நிழல் அப்போதுதான் தெரியும். உரிதல் நடுப்பகுதியை எட்டிவிட்டால், அறுவை சிகிச்சை செய்தாலும் பழைய பார்வை முழுதாகத் திரும்பாமல் போகலாம். இதற்குச் சில நாள்களே போதும், சில நேரம் சில மணி நேரம்கூட.

எனக்கு உரிதல் தொடங்கவில்லை. அன்று மாலையே லேசர் செய்தார்கள். கண்ணை மரக்க வைத்து, ஒரு வில்லையைப் பொருத்தி, கிழிசலைச் சுற்றி வரிசை வரிசையாகப் பச்சை ஒளிப்பொட்டுகள். சிலது ஊசி குத்தியதுபோல் சுருக்கென்றது. கால்மணி நேரத்தில் முடிந்து, நடந்தே வெளியே வந்தேன். லேசர் கிழிசலை மூடுவதில்லை. சுற்றிலும் தழும்பை உண்டாக்கி வேலி கட்டுகிறது. அந்த வேலி உறுதிப்பட ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். அதுவரை பளு தூக்க வேண்டாம் என்றார்கள்.

கிளம்பும்போது மருத்துவர் இன்னொன்றும் சொன்னார். கிழிசல் இல்லை என்று அனுப்பப்பட்டவர்களும் குறித்த தேதியில் மறுபடி காட்ட வேண்டும். அடுத்த சில வாரங்களில் புதிதாகக் கிழியலாம். இடையில் புள்ளிகள் பெருகினாலோ நிழல் விழுந்தாலோ அந்தத் தேதிக்காகக் காத்திருக்கக்கூடாது.

கொசு இன்னும் என்னோடுதான் இருக்கிறது. வெள்ளைச் சுவரைப் பார்த்தால் பறக்கிறது. பழைய கொசுவைப் பற்றிக் கவலையில்லை. புதிதாக ஒன்று வந்தால், தோசையை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவேன்.