ஒரே கோட்டில் நாலு கைகள்

ஜார்ஜ் டவுனின் லவ் லேன் சுவரொன்றில், ஜன்னல் வழியே நழுவும் கணவன் ஒருவன் கறுப்புக் கம்பியில் நிற்கிறான். 2008இல் நகரம் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபின் மாநில அரசு வைத்த போட்டியில் வென்ற ‘ஸ்கல்ப்சர் அட் வொர்க்’ நிறுவனம் அமைத்த 52 கேலிச்சித்திரங்களில் அதுவும் ஒன்று. பாபா சுவா, ரெஜி லீ, தாங் முன் கியான் என வரைந்த கைகள் பல. ஆனாலும் எந்தச் சந்தில் பார்த்தாலும் இதுவும் அந்த வரிசைதான் என்று தெரிந்துவிடுகிறது. கம்பியில் நிழல்தீட்டலும் இல்லை, பல நிறமும் இல்லை. ஓவியருக்கு ஓவியர் மாறக்கூடிய பலவற்றைப் பொருளே தடுத்துவிட்டது.

திரையில் வரைபவர்களுக்கு அந்தத் தடை கிடையாது. லிட்டில் இந்தியா பக்கத்தில் ஒரு சிறு வடிவமைப்புக் கூடத்துக்குப் போயிருந்தேன். மசாலைக் கடை ஒன்றுக்கு நாலு பேர் சேர்ந்து சுவர்ப்பலகைகள் வரைந்துகொண்டிருந்தார்கள். மேசையில் அவர்களுடைய மூட் போர்டு: பன்னிரண்டு படங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு துண்டுச்சீட்டு. கம்பிச் சித்திரத்தின் கீழே ‘கோடு மட்டும்’. மஞ்சள் மூட்டையின் கீழே ‘நிறம் மட்டும்’. “சீட்டு இல்லாதப்ப ஒருத்தர் மூட்டையோட மஞ்சளை எடுத்தார், இன்னொருத்தர் சாக்கோட நெசவை எடுத்தார். ரெண்டு பேருமே போர்டைப் பார்த்துத்தான் வரைஞ்சாங்க, அண்ணே” என்றார் குழுவை நடத்தும் பெண். படம் சேர்ப்பதைவிட இந்தச் சீட்டு எழுதுவதுதான் உண்மையான வேலை என்று எனக்குப் பட்டது.

அடுத்தது சோதனை. நாலு பேரும் ஒரே தே தாரிக் மாஸ்டரை வரைந்து, அச்செடுத்து வரிசையாக ஒட்டினார்கள். தள்ளி நின்றதும் ஒன்று மட்டும் மெலிந்து தெரிந்தது. விதிப்படி வெளிக்கோடு 6 பிக்சல், உட்கோடு 3. அவரும் அப்படித்தான் போட்டிருந்தார். ஆனால் இருமடங்கு பெரிய தாளில் வரைந்து பாதியாகச் சுருக்கியிருந்தார். இல்லஸ்ட்ரேட்டரில் `Scale Strokes & Effects` இயங்கிக்கொண்டிருந்ததால் வெளிக்கோடும் 3 ஆகிவிட்டது. கோப்பைத் திறந்து அளந்த பிறகே காரணம் பிடிபட்டது. ‘இறுதி அளவிலேயே வரைக’ என்று அன்றே கையேட்டில் ஒரு வரி ஏறியது. இன்னொருவர் கண்ணுக்கு வட்டம் போட்டிருந்தார். ‘கண் புள்ளிதான்’ என்பது அடுத்த வரி. இப்படித்தான் அந்தக் கையேடு வளர்கிறது: கைகள் எங்கே பிரிகின்றனவோ அங்கே மட்டும் ஒரு விதி. எல்லாரும் இயல்பாகவே ஒரே மாதிரி செய்வதற்கு அதில் இடமில்லை.

எழுத்தில்தான் அதிக நேரம் போனது. மலாய், தமிழ் இரண்டையும் ஒரே அளவில், ஒரே தடிமனில் வைத்தால் தமிழ் கறுத்துத் தெரிகிறது. ‘ணை’, ‘ஞ’ போன்றவற்றின் சுழிகளுக்குள் வெள்ளை அடைபட்டுவிடுகிறது. தமிழுக்குத் தடிமனை ஒரு படி குறைத்து, வரி இடைவெளியைக் கூட்டினார்கள். பலகையில் தமிழ் மேலேயா, மலாய் மேலேயா என்பதைக் கடைக்காரரிடம் விட்டிருக்கிறார்கள்.