வலது கன்னத்து மச்சம்

நீட் விண்ணப்பக் காலத்தில், தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஸ்டுடியோவில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். வெள்ளைப் பின்னணி வேண்டும், இரண்டு காதும் தெரிய வேண்டும், படத்தில் 80 விழுக்காடு முகம் இருக்க வேண்டும். படமெடுப்பது சில நொடி வேலை. அதன்பின் கணினியில் நடக்கும் டச்சப்பைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

அங்கே தொழில் கற்றுக்கொண்டிருந்த பெண் பருக்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு பருவுக்கு ஒரு கிளிக். கண்ணுக்குக் கீழே இருந்த கருமையை முழுக்க அழிக்காமல் பாதி மட்டும் குறைத்தாள். "தூங்கி எழுந்தா சரியாப்போறத எடுப்பேன். எப்பவும் இருக்கிறத தொட மாட்டேன்" என்றாள். அழியாத தழும்பும் மச்சமும் அவள் கணக்கில் முகத்தைச் சேர்ந்தவை.

மகளை அழைத்துவந்த ஓர் அம்மா திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அந்த மச்சத்த எடுத்துடும்மா. மூக்கும் ரொம்ப அகலமா இருக்கு, கொஞ்சம் சின்னதாக்கு. நல்லா வெளுப்பாவும் பண்ணிடு."

மூன்றும் முடியாத வேலை இல்லை. மச்சத்துக்கு ஒரு கிளிக் போதும். லிக்விஃபையில் மூக்கின் அகலத்துக்கென்றே ஒரு பட்டை உண்டு, இழுத்தால் ஒடுங்கும். இதில் வெள்ளைப் பின்னணிதான் ஆபத்து. வீட்டில் எடுத்த படத்தில் முகத்தை இழுத்தால் பின்னால் இருக்கும் கதவுச் சட்டமோ ஜன்னல் கம்பியோ சேர்ந்து வளைந்து காட்டிக்கொடுக்கும். வெறும் வெள்ளையில் வளைய எதுவுமே இல்லை. வெளுப்பாக்கினால் மட்டும் காது காட்டிக்கொடுக்கும். முகத்தை மட்டும் தேர்ந்தெடுத்து வெளுப்பாக்குவதால் காதும் கழுத்தும் பழைய நிறத்திலேயே நின்றுவிடும்.

"மச்சத்த எடுக்க வேணாம்க்கா. டி.சி. வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள் அவள். ஃபைலில் இருந்தது. நம் ஊர் மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளம் எழுதும் வழக்கம் உண்டு அல்லவா? அந்த இடத்தில் வலது கன்னத்து மச்சம்தான் முதல் அடையாளமாக எழுதப்பட்டிருந்தது.

அந்த அம்மாவுக்கு அது போதவில்லை. கல்லா மேசையிலிருந்து மாஸ்டர் குரல் கொடுத்தார். "கேக்கிறத செஞ்சு குடும்மா. இல்லன்னா பக்கத்துக் கடைக்குப் போவாங்க."

"நான் செய்ய மாட்டேன் மாஸ்டர். ஹால் டிக்கெட்டையும் முகத்தையும் பாத்துட்டுத்தான் உள்ள விடுவாங்க. தேனி விஷயம் மறந்துபோச்சா?"

2019-இல் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் வெளிப்பட்ட ஆள்மாறாட்டத்தைச் சொன்னாள். அனுமதி அட்டையில் இருந்த முகம் வேறு, வகுப்பில் உட்கார்ந்திருந்த முகம் வேறு என்பதுதான் அந்த வழக்கின் முடிச்சு. அதன் பிறகு ஒரு தவறும் செய்யாத பிள்ளையின் படம் ஒத்துப்போகாவிட்டாலும் சந்தேகம் அவள்மேல்தான் விழும். நான் தொழில் கற்கும் பெண்ணின் கட்சிதான்.

மாஸ்டர் எழுந்து வந்தார். நெகட்டிவில் பென்சில் போட்டுப் பழகிய தலைமுறை அவர். மச்சம் நெகட்டிவில் வெளிச்சம் ஊடுருவும் சிறு புள்ளியாகத் தெரியும். கூர் சீவிய பென்சிலால் அதை நிரப்பினால் அச்சில் கறுப்பாக விழாது. அம்மைத் தழும்பு நிறைந்த முகங்களை அப்படி மணிக்கணக்கில் நிரப்பியிருக்கிறார். "அதெல்லாம் வீட்டுச் சுவர்ல மாட்டுற படம்" என்றார், யாரிடம் சொல்கிறார் என்று தெரியாமல். பிறகு திரையில் மூக்கை உற்றுப் பார்த்தார். "எங்க நின்னு எடுத்தே?"

விஷயம் அங்கேதான் இருந்தது. அறை சிறியது. அவள் மூன்றடி தூரத்தில் நின்று, லென்ஸை அகலக் கோணத்தில் வைத்து எடுத்திருந்தாள். அவ்வளவு நெருங்கினால் காதைவிட மூக்கு கேமராவுக்குக் குறிப்பிடத்தக்க அளவு கிட்டத்தில் இருக்கும். அதனால் பெரிதாகவும் விழும். எட்டடி தள்ளிப் போனால் அந்த வித்தியாசம் பொருட்டில்லை. லென்ஸின் குறை இல்லை இது, தூரத்தின் விளைவு. செல்பியில் மூக்கு பெருப்பதும் இதனால்தான்.

அறைக் கதவைத் திறந்துவைத்து, வரவேற்பு மேசைவரை பின்னால் வந்து, ஜூமை இழுத்து மறுபடி எடுத்தாள். ஒரு பக்க விளக்கைச் சற்று இறக்கியதில் கன்னத்து நிழலும் இளகியது. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். புதிய படத்தில் மூக்கு எதிரே நிற்கும் பெண்ணின் மூக்காகவே இருந்தது. மச்சம் முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தது.

"இதுல என்னை மாதிரியே இருக்கும்மா" என்றாள் மகள், அதுவரை வாயே திறக்காதவள்.

அம்மா நிறத்தைப் பற்றி இன்னொரு முறை கேட்டுப் பார்த்தார். மகள் முந்திக்கொண்டு "அஞ்சலட்டை அளவும் வேணும்க்கா, அதே படத்துலயே போடுங்க" என்றாள். வாடிக்கையாளர்கள் போனதும் மாஸ்டர் தரையில் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, இனி பரீட்சைப் படம் எல்லாமே இங்கிருந்துதான் எடுக்க வேண்டும் என்றார். அதற்கு மேசையை நகர்த்தியாக வேண்டும் என்று அவள் ஒரு முனையைப் பிடித்தாள்.