புழுக்கள் மேலே ஏறிய நாள்

எங்கள் வாலிபர் குழுவில் எட்டுப்பேர் இருக்கிறோம். ஹொல்ம்லியாவில் எங்களில் ஒருவருடைய வீட்டுப் பல்கனியில் ஒரு மண்புழுப் பெட்டி வைத்திருக்கிறோம். அந்தப் பெட்டியில் இருந்த புழுக்களெல்லாம் ஒருமுறை செத்துப்போயின. அதற்கான பழியை எங்களில் மிகச் சிறியவனான பன்னிரண்டு வயதுத் தம்பியின் மேல் போட்டோம். அது பிழை என்று தெரியவர ஒரு கிழமை எடுத்தது. என்ன நடந்தது என்று எழுதி வைத்தால், பெட்டி வைக்க நினைக்கும் வேறு வீடுகளுக்கும் உதவும் என்று அம்மாமார் சொன்னார்கள்.

முதலில் பெட்டியைச் சொல்கிறோம். நாற்பது லீற்றர் கொள்ளக்கூடிய கறுப்புப் பிளாஸ்ரிக் பெட்டி ஒன்று. அடியிலும் பக்கங்களின் மேல்பகுதியிலும் சிறு துளைகள் போட்டோம். கீழ்வீட்டுப் பல்கனியில் தண்ணீர் சொட்டாமல் இருக்க அடியில் ஒரு தட்டு வைத்தோம். பழைய பத்திரிகைத் தாளையும் முட்டை மட்டையையும் கிழித்து நனைத்து, கையால் பிழிந்தால் ஓரிரண்டு துளி மட்டும் விழும் பதத்தில் ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பினோம். அதன்மேல் ஒரு பிடி தோட்டத்து மண் தூவினோம். புழுவுக்குப் பல் இல்லை. உணவை அரைக்க அதன் குடலுக்குக் கொஞ்சம் மணல் வேண்டும்.

புழுவை எங்கே எடுப்பது என்பதில் முதலில் பிழைவிட்டோம். மழை பெய்த மறுநாள் ஸ்டேஷன் பக்கத்துப் பாதையில் ஊர்ந்த பெரிய மண்புழுக்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து விட்டோம். அவை தங்கவில்லை. அந்தப் பெரிய புழு நிலத்தில் ஆழமாகக் குழி தோண்டி வாழ்வது. அதற்கு ஒரு சாண் தாளுக்குள் இடமில்லை. பெட்டிக்கு வேண்டியது சாணத்திலும் உக்கிய இலைக்கும்பலிலும் மேலோட்டமாக வாழும் சிறிய சிவப்புப் புழு. ஐசீனியா ஃபெடிடா என்பது அதன் பெயர். வீட்டுத்தோட்டம் வைத்திருக்கும் ஒரு குடும்பம் தங்கள் எருக்குவியலில் இருந்து கால் கிலோ தந்தார்கள். ஊரில் என்றால் வேறு இனமும் கிடைக்கும். சென்னையில் பல ஆண்டுகள் மண்புழு ஆராய்ந்த சுல்தான் அகமது இஸ்மாயில் என்ற பேராசிரியர் அந்த மண்ணுக்குரிய புழுக்களையே பயன்படுத்தச் சொன்னவர். எங்களுக்கு இங்குள்ள எருக்குவியலில் கிடைத்ததே பொருத்தமாக இருந்தது.

கால் கிலோ புழு நன்றாகப் பழகிய பிறகு ஒரு நாளைக்கு நூறு கிராமுக்குச் சற்று அதிகமாகத் தின்னும். தொடக்கத்தில் அதில் பாதிதான் கொடுக்கவேண்டும். வாழைப்பழத் தோல், பூசணித் தோல், கறிவேப்பிலைக் காம்பு, தேயிலைச் சக்கை, ஆராதனைக்குப் பிறகு மிஞ்சும் கோப்பிச் சக்கையில் கொஞ்சம் என்று ஒரு மாதம் ஒழுங்காகக் கொடுத்தோம். கொடுத்ததைத் தாளுக்குள் புதைத்து மூடினோம். பெட்டி மழைக்குப் பிந்திய காட்டு மண்போல மணத்தது.

பிறகு மே 17 வந்தது. தேசிய தினத்துக்கு முந்தைய மாலை அந்த வீட்டில்தான் எல்லோரும் சேர்ந்து சமைத்தோம். மரக்கறித் தோல், வத்தகப்பழத் தோல், அடிப்பிடித்த சோறு எல்லாம் சேர்த்து மூன்று கிலோவுக்கு மேல் மிஞ்சியது. பச்சைப் பையில் போட்டிருந்தால் நகரசபை எடுத்துக்கொண்டு போயிருக்கும். "புழுவுக்கும் கொண்டாட்டம்தானே" என்று ஒருவர் சொல்ல, எல்லாவற்றையும் பெட்டிக்குள் கொட்டி மூடினோம். மறுநாள் கொண்டாட்டம் முடிந்ததும் சிலர் ஹித்தெக்குப் போய்விட்டோம். பெட்டியைப் பார்க்கும் பொறுப்பு அந்த வீட்டுத் தம்பிக்கு.

பதினெட்டாம் தேதி தம்பி வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். புழுக்கள் மூடியின் உட்பக்கத்தில் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருந்தன. "அண்ணா, எல்லாம் மேலே வருது, என்ன செய்ய?" என்று கேட்டிருந்தான். எங்களில் ஒருவர், மற்றவர்களிடம் கேட்காமலே, "ஓடப் பார்க்குது, உள்ளே தள்ளிவிட்டு ஓட்டையை ரேப்பால் மூடு" என்று பதில் போட்டார். அவன் சொன்னபடி செய்தான். இருபத்தோராம் தேதி நாங்கள் வந்து திறந்தபோது புளித்த நாற்றம் மூக்கைத் துளைத்தது. உயிரோடு ஒரு புழுவும் இல்லை. செத்த புழுவும் கொஞ்சம்தான் இருந்தது. புழுவின் உடலில் பெரும்பகுதி தண்ணீர். செத்தால் ஓரிரு நாளில் கரைந்துவிடும். அதனால்தான் பலர் "புழு ஓடிவிட்டது" என்று நினைக்கிறார்கள்.

துளைகளின் மேல் ஒட்டியிருந்த ரேப்பைப் பார்த்ததும் எல்லோருக்கும் கோபம் வந்தது. "காற்று இல்லாமல் கொன்றுபோட்டாய்" என்றோம். தம்பி ஒன்றும் சொல்லாமல் அறைக்குள் போய்விட்டான். அடுத்த ஞாயிறு அவன் வாலிபர் கூட்டத்துக்கு வரவில்லை.

பெட்டியைத் துப்புரவாக்கும்போது, உயிரியல் படிக்கும் அக்கா ஒருவர் இறைச்சிக்குக் குத்தும் வெப்பமானியை எடுத்துவந்து கலவையின் நடுவில் குத்தினார். பல்கனியில் பதினேழு பாகை. பெட்டியின் நடுவில் முப்பத்தாறு. ஐந்தாம் நாளும் அவ்வளவு சூடு! இந்தப் புழுவுக்கு ஏற்றது பதினைந்துக்கும் இருபத்தைந்துக்கும் இடைப்பட்ட சூடு. முப்பதைத் தாண்டினால் வருந்தும், முப்பத்தைந்துக்கு மேல் சாகும். மூன்று கிலோ பச்சைக் கழிவை ஒரே இடத்தில் கொட்டினால் நுண்ணுயிர்கள் அதைப் பிடித்துக்கொள்ளும், அவற்றின் வேலையால் குவியல் தானாகச் சூடாகும். கறுப்புப் பெட்டியின் மேல் பிற்பகல் வெயிலும் விழுந்திருந்தது.

சூடு மட்டும் அல்ல. புழு மூச்சு விடுவது தோலால். ஈரமான தோல் வழியாகத்தான் உயிர்வளி உள்ளே போகும். நுண்ணுயிர்கள் அந்த வளியை முடித்துவிட்டன. சோறு பசைபோலக் கட்டியாகிக் காற்றை அடைத்தது. பிறகு காற்றில்லாமல் புளித்து அமிலம் கூடியது. வத்தகத் தோலின் தண்ணீர் அடியில் தேங்கியது. கீழே சூடும் புளிப்பும் தண்ணீரும். புழுவுக்கு வெளிச்சம் ஆகாது, ஆனாலும் மூடிவரை ஏறி வந்தது. வெளிச்சத்தைவிடக் கீழே கெட்டது ஒன்று இருந்தால்தான் புழு அப்படி ஏறும். ஓடப் பார்க்கவில்லை, உதவி கேட்டது.

அந்தப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தோம். தம்பி சரியான நேரத்தில் சரியான அடையாளத்தைக் கண்டு எங்களிடம் கேட்டிருக்கிறான். அன்று மூடியைத் திறந்து வைத்து, சோற்றையும் தோலையும் அள்ளி வெளியே போட்டு, காய்ந்த மட்டைத் துண்டை நிறையக் கலந்து, பெட்டியை நிழலுக்கு நகர்த்தியிருந்தால் பெரும்பாலான புழுக்கள் பிழைத்திருக்கும். ரேப் கடைசி அடிதான். ஆனால் அதை ஒட்டச் சொன்னது நாங்கள், குவியலைக் கொட்டியதும் நாங்கள்.

அடுத்த நாள் எல்லோரும் அவன் வீட்டுக்குப் போனோம். பதில் போட்டவர்தான் முதலில் பேசினார். "தம்பி, பிழை எங்கட. நீ கேட்டாய், நாங்கள் யோசிக்காமல் சொன்னோம். மன்னிச்சுக்கொள்" என்றார். அவன் கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அதைக் கொட்டிப்போடாதேங்கோ, ஓரத்தில் ஏதோ இருக்குது" என்றான்.

பெட்டியின் குளிர்ந்த மூலையில், தாளோடு ஒட்டிய நிலையில், சிறிய எலுமிச்சம்பழ வடிவில் மஞ்சள் கூடுகள் இருந்தன. அவை புழுவின் முட்டைக்கூடுகள். பத்து, பதினைந்து இருக்கும். புதுத் தாள் நனைத்துப் பிழிந்து அவற்றை அதில் வைத்து, வீட்டுக்குள் நிழலில் விட்டோம். ஒரு மாதத்துக்குப் பிறகு வெள்ளை நூல்போலக் குட்டிகள் தெரிந்தன. ஒரு கூட்டிலிருந்து இரண்டு மூன்று வரும். வளர்ந்து முட்டையிட இன்னும் இரண்டு மாதம் எடுத்தது. இப்போதுள்ள புழுக்கள் எல்லாம் அந்தக் கூடுகளின் வழித்தோன்றல்களே.

இப்போது பெட்டியின் பொறுப்பாளன் தம்பி. மூடியின்மேல் அவன் எழுதி ஒட்டியிருப்பது இதுதான்: முன்பு போட்டது மறைந்த பிறகே அடுத்தது போடவேண்டும். ஒவ்வொரு முறையும் உணவின் அளவுக்குக் காய்ந்த மட்டையும் போடவேண்டும். உப்புப் போட்ட கறி, தேங்காய்ப்பூ, தேசிக்காய்த் தோல், இறைச்சி, மீன் பெட்டிக்குள் வேண்டாம், அவை பச்சைப் பைக்கு. உப்பு புழுவின் உடலிலுள்ள தண்ணீரை வெளியே இழுத்துவிடும்.

திறந்ததும் மணந்து பார்க்கவும் அவன் எங்களுக்குப் பழக்கியிருக்கிறான். புளிப்பு மணம் என்றால் உணவு அதிகம், அள்ளி எடு. முட்டை அழுகியதுபோல மணத்து அடியில் தண்ணீர் தெரிந்தால் ஈரம் அதிகம், மட்டை சேர். புழுக்கள் மெலிந்து ஒரு மூலையில் சுருண்டு கட்டியாகக் கிடந்தால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளி. எந்த மணமும் இல்லாமல் மண் மட்டும் மணத்தால் பேசாமல் மூடிவிடு.

குளிர்காலத்துக்கும் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம். நிலத்தில் வாழும் புழு உறைபனி வரும்போது ஆழத்துக்குப் போய்விடும். பெட்டியில் போக ஆழமில்லை, நான்கு பக்கமும் குளிர் ஏறும், உறைந்தால் சாகும். ஆகவே ஒக்டோபரில் இரவுச் சூடு ஐந்து பாகைக்கு இறங்கியதும் பெட்டியை நிலவறைக்கு இறக்குகிறோம். அங்கே கொஞ்சமாகத் தின்னும், நாங்களும் கொஞ்சமாகக் கொடுக்கிறோம். மே மாதம் மறுபடி பல்கனிக்கு வரும், இம்முறை நிழல் விழும் பக்கத்துக்கு.

இந்த ஆண்டு மே 17க்குச் சமைத்தபோதும் தோல் குவிந்தது. ஒருவர் பெட்டியைத் திறக்கப் போனார். தம்பி முன்னால் வந்து நின்று, "ஒரு கை மட்டும்" என்றான். ஒரு கை மட்டுமே போட்டோம். மிச்சம் பச்சைப் பைக்குப் போயிற்று.